ஆறு பக்கப் பெட்டிக்கு ஏன் பன்னிரண்டு முக்கோணம்?

"அண்ணா, எஸ்பிஎம் முடித்துவிட்டு வீட்டில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்கிறேன். திறந்ததும் வருகிற பெட்டிக்கு Vertices 8, Edges 12, Faces 6, Triangles 12 என்று காட்டுகிறது. பெட்டிக்கு ஆறு பக்கம்தானே, முக்கோணம் எங்கிருந்து வந்தது? எல்லாரும் மெஷ் மெஷ் என்கிறார்களே, அது என்ன? ஜார்ஜ் டவுன் கடைவீடு ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை." (பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவர்)

தம்பி, கடைவீடுதான் ஆசை என்றால் அதையே எடுத்துக்கொள்வோம். பெட்டியைவிட அதில் பார்க்க வேண்டியது அதிகம். லெபோ பாசார் பக்கம் நடந்தால் தெரியும்: முகப்பு குறுகல், உள்ளே நீளம். கூரையின் முகடு தெருவுக்கு இணையாக ஓடும். ஒரு சரிவு தெருவைப் பார்த்திருக்கும், இன்னொன்று பின்பக்கம் இறங்கும். அஞ்சடி, ஜன்னல், நடுவில் வெளிச்சம் விழும் முற்றம் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முன்கட்டு மட்டும் போதும். அகலம் 6 மீட்டர், ஆழம் 10, சுவர் உயரம் 7, முகடு 10 என்று வைத்துக்கொள்வோம்.

இதைச் செய்ய இன்னும் பிளெண்டரைத் திறக்க வேண்டியதில்லை. சாதாரண நோட்பேடில் கீழே உள்ளதைத் தட்டி, `veedu.obj` என்று சேமியுங்கள். சேமிக்கும்போது All files என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால்.txt ஒட்டிக்கொள்ளும்.

```
v 0 0 0
v 6 0 0
v 6 0 -10
v 0 0 -10
v 0 7 0
v 6 7 0
v 6 7 -10
v 0 7 -10
v 0 10 -5
v 6 10 -5
f 1 2 6 5
f 3 4 8 7
f 2 3 7 10 6
f 4 1 5 9 8
f 5 6 10 9
f 7 8 9 10
f 1 4 3 2
```

இப்போது பிளெண்டரில் File, Import, Wavefront (.obj) வழியாக இதை இறக்குங்கள். கூரையோடு ஒரு வீடு நிற்கும். மெஷ் என்பது இவ்வளவுதான்: சில புள்ளிகளின் பட்டியல், எந்தப் புள்ளிகள் சேர்ந்து ஒரு பரப்பு என்று சொல்லும் இன்னொரு பட்டியல்.

`v` வரி ஒவ்வொன்றும் ஒரு வெர்டெக்ஸ், அதாவது இடம் மட்டுமே உள்ள ஒரு புள்ளி. முதல் எண் இடவலம், இரண்டாவது உயரம், மூன்றாவது ஆழம். தெருவிலிருந்து உள்ளே போகப் போக ஆழத்தைக் குறைக்குறியோடு எழுதியிருக்கிறேன். வெர்டெக்ஸுக்கு நாம் பெயர் வைப்பதில்லை. வரிசையில் எத்தனையாவதோ அதுதான் அதன் எண். ஐந்தாவது `v` வரி முகப்புச் சுவரின் இடது மேல் மூலை, ஆறாவது வலது மேல் மூலை. ஒன்பதும் பத்தும் முகட்டின் இரண்டு முனைகள்.

`f` வரி ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ், அதாவது ஒரு பரப்பு. `f 1 2 6 5` என்றால் அந்த நான்கு புள்ளிகளையும் அதே வரிசையில் சுற்றி வந்தால் முகப்புச் சுவர். கவனியுங்கள், இந்த வரியில் எந்த அளவும் இல்லை, வெறும் எண்கள்தான். இடம் தெரிந்தது புள்ளிக்கு, யாரோடு யார் என்று தெரிந்தது ஃபேஸுக்கு. இரண்டும் தனித்தனி. ஆறாவது `v` வரியை மட்டும் மாற்றினால் முகப்புச் சுவர், வலது பக்கச் சுவர், கூரை மூன்றும் சேர்ந்தே நகரும், ஏனென்றால் மூன்றிலும் 6 என்ற எண் இருக்கிறது.

எட்ஜ், அதாவது இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஓரம், எங்கே என்று தேடினால் இந்தக் கோப்பில் கிடைக்காது. எழுதத் தேவையில்லை, ஃபேஸ்களிலிருந்து தானாக வந்துவிடும். `f 1 2 6 5` என்று படித்ததுமே 1-2, 2-6, 6-5, 5-1 என்று நான்கு எட்ஜ்கள் பிறந்துவிடுகின்றன. நம் வீட்டில் நான்கு மூலை ஃபேஸ் ஐந்து, ஐந்து மூலை ஃபேஸ் இரண்டு (பக்கச் சுவர்கள், முக்கோண உச்சியோடு சேர்த்து). மொத்தம் 20 + 10 = 30 ஓரங்கள். ஆனால் மூடிய வீட்டில் ஒவ்வொரு எட்ஜையும் இரண்டு ஃபேஸ்கள் பங்குபோடும், அதனால் 15 எட்ஜ்கள். ஓவர்லே மெனுவில் Statistics-ஐப் போட்டுப் பாருங்கள்: Vertices 10, Edges 15, Faces 7, Triangles 16 என்று வரும்.

ஒரு விஷயம், இந்த வீடு உள்ளே வெற்று. சுவருக்குத் தடிப்பே கிடையாது. கேமராவை உள்ளே கொண்டுபோனால் அதே பரப்பின் மறுபக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சரி, இனி உங்கள் முக்கோணம். பக்கச் சுவருக்கு ஐந்து மூலை, கூரைக்கு நான்கு மூலை என்றுதானே எழுதினோம், 16 முக்கோணம் எப்படி வந்தது? நாம் கேட்காமலேயே பிளெண்டர் ஒவ்வொரு ஃபேஸையும் குறுக்கே பிளந்து வைத்திருக்கிறது. நான்கு மூலை இரண்டாகும், ஐந்து மூலை மூன்றாகும், n மூலை இருந்தால் n − 2. ஐந்து நாற்கோணத்துக்கு 10, இரண்டு ஐங்கோணத்துக்கு 6, ஆக 16. உங்கள் பெட்டியின் ஆறு பக்கம் பன்னிரண்டானதும் இப்படித்தான். இந்தக் குறுக்குக் கோடுகள் Edges கணக்கில் சேராது, திரையிலும் தெரியாது. ஆனால் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவது முக்கோணங்கள் மட்டும்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் மேசைக்கு ஒரு கால் சற்றே குட்டையானாலும் ஆட்டம்தான். மூன்று புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவை ஒரே தளத்தில்தான் இருக்கும். நான்காவது புள்ளி வந்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

இதை நம் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கோப்பில் ஆறாவது வரியை `v 6 8 0` என்று மாற்றுங்கள். முகப்பின் வலது மேல் மூலை ஒரு மீட்டர் உயர்கிறது, வேறு எதையும் தொடவில்லை. முகப்புச் சுவருக்கு ஒன்றும் ஆகாது, அதன் நான்கு புள்ளிகளும் இன்னும் தெருவோரத் தளத்திலேயே நிற்கின்றன. வலது பக்கச் சுவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் முன்கூரை `f 5 6 10 9` முறுக்கிக்கொண்டது. அதன் நான்கு மூலைகளின் உயரம் இப்போது 7, 8, 10, 10. இந்த நான்கையும் தொடுகிற மட்டமான தகடு உலகத்தில் கிடையாது.

அப்படியானால் கூரையின் நட்டநடுவில் உயரம் என்ன? 5-லிருந்து 10-க்குக் குறுக்குக் கோடு போட்டுப் பிளந்தால், நடுப்புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும்: 7-க்கும் 10-க்கும் நடுவே, 8.5 மீட்டர். 6-லிருந்து 9-க்குப் போட்டால் 8-க்கும் 10-க்கும் நடுவே, 9 மீட்டர். கோப்பு ஒன்றே, புள்ளிகள் ஒன்றே, கூரையின் நடுவில் அரை மீட்டர் வித்தியாசம்! முதல் கூரை நடுவில் பள்ளம் விழுந்து மழைநீர் அந்தக் கோட்டோரம் ஓடுகிற வடிவம். இரண்டாவது நடுவில் மேடு தட்டி நீர் இரண்டு பக்கமும் பிரிகிற வடிவம். `f 5 6 10 9` என்ற வரியில் இதில் எது வேண்டும் என்பதற்குப் பதிலே இல்லை. அதனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றிய மாதிரி பிளக்கும்.

பிளெண்டரில் சரியாக இருந்த மாடல் கேம் எஞ்சினுக்குப் போனதும் ஓரிடத்தில் மட்டும் மடிப்பு விழுந்ததுபோல், நிழல் கோணலாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இப்படி முறுக்கிய நாற்கோணத்தைத்தான். தீர்வு லேசு. எடிட் மோடில் எந்தக் கோடு வேண்டுமோ அந்த இரண்டு வெர்டெக்ஸைத் தேர்ந்தெடுத்து `J` அழுத்துங்கள். அந்த ஃபேஸ் இரண்டு முக்கோணமாகிவிடும், அப்புறம் எங்கே கொண்டுபோனாலும் வடிவம் மாறாது.

முக்கோணத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதற்குள் எந்த இடத்தை எடுத்தாலும், அந்த இடம் மூன்று மூலைகளின் கலவையாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத வரும்: இதிலிருந்து இவ்வளவு பங்கு, அதிலிருந்து அவ்வளவு பங்கு என்று. நிறம், கூரை ஓட்டின் படம், ஒளி எல்லாவற்றையும் மூலைகளில் மட்டும் சொல்லிவிட்டால், நடுவில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் கார்டு அந்தப் பங்கின்படி கலந்து நிரப்பிக்கொள்கிறது. நாற்கோணத்தில் அந்தப் பங்கைப் பிரிக்கப் பல வழிகள் வந்துவிடும்.

ஆறாவது வரியைப் பழையபடி `v 6 7 0` ஆக்கிவிடுங்கள். அடுத்து, புதிதாக வருகிறவர்கள் எல்லாரையும் ஒருமுறையாவது அலைக்கழிக்கும் இடம் ஒன்று இருக்கிறது.

பலர் சுவரைத் தனியாகவும் கூரையைத் தனியாகவும் செய்து, ஓரத்தோடு ஓரம் கச்சிதமாகப் பொருத்துவார்கள். பார்வைக்கு ஒரே வீடு. ஆனால் இடம் ஒன்றாக இருந்தால் மட்டும் இணைந்ததாகிவிடாது. எண் ஒன்றாக இருக்க வேண்டும். சோதித்துப் பாருங்கள். பத்து `v` வரிகளுக்குக் கீழே `v 0 7 0`, `v 6 7 0` என்று இன்னும் இரண்டு சேருங்கள். இவை 11, 12. ஐந்தாவதும் ஆறாவதும் இருக்கிற அதே இடம்தான். பிறகு முன்கூரை வரியை `f 11 12 10 9` என்று மாற்றி மறுபடி இறக்குங்கள்.

படத்தில் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. எண்களைப் பாருங்கள்: Vertices 12, Edges 18, Faces 7. இருக்க வேண்டியதைவிட மூன்று எட்ஜ் அதிகம். முன்பு சுவரும் கூரையும் பங்குபோட்ட 5-6 எட்ஜ் இப்போது சுவருக்கு மட்டும், 11-12 கூரைக்கு மட்டும். கூரையின் இரண்டு சாய்ந்த ஓரங்களுக்கும் இதே கதி. பன்னிரண்டாவது புள்ளியை மேலே இழுத்தால் கூரை தனியாக எழும், சுவர் அப்படியே நிற்கும், நடுவில் வானம் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய கணக்கு உதவும். ஆய்லர் 1750-இல் எழுதியது: துளை ஊடுருவாத, மூடிய ஒரு வடிவத்தில் வெர்டெக்ஸ் எண்ணிக்கையிலிருந்து எட்ஜைக் கழித்து ஃபேஸைக் கூட்டினால் 2 வர வேண்டும்.

```
V - E + F = 2
10 - 15 + 7 = 2
12 - 18 + 7 = 1
```

முதல் வீடு மூடியது, இரண்டாவது எங்கோ திறந்திருக்கிறது. உங்கள் பெட்டிக்கும் போட்டுப் பாருங்கள், 8 − 12 + 6. ஒரு எச்சரிக்கை: முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை வீட்டைத் துளைத்துக்கொண்டு போகும் வழி ஒன்று வெட்டினால் கணக்கு 0 ஆகும். அது தப்பில்லை, அந்த வடிவத்துக்கு அதுதான் சரி. அதனால் பெரிய மாடலில் இந்த எண்ணை மட்டும் நம்பாமல், எடிட் மோடில் Select, Select All by Trait, Non Manifold போட்டுப் பாருங்கள். திறந்த ஓரங்கள் ஒளிரும். நம் வீட்டில் ஆறு ஒளிரும்: சுவர்ப்பக்கம் மூன்று, கூரைப்பக்கம் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் மூன்று போலத்தான் தெரியும். எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து `M` அழுத்தி Merge by Distance கொடுத்தால், 0.0001 மீட்டருக்குள் உள்ள புள்ளிகள் ஒன்றாகிவிடும். மறுபடியும் 10, 15, 7.

திரையில் பார்க்க மட்டும் என்றால் இந்தப் பிளவு பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 3டி பிரிண்டருக்கு அனுப்பினால் அப்படி விட முடியாது. பரப்பின் எந்தப் பக்கம் பிளாஸ்டிக், எந்தப் பக்கம் காற்று என்று, மாடலை அடுக்கடுக்காக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருள் முடிவு செய்தாக வேண்டும்; ஓட்டை இருக்கிற வீட்டுக்கு உள்பக்கம் எது என்பதே குழப்பம்.

உள், வெளி என்று சொன்னதும் `f` வரியின் எண் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே நின்று பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி எழுதினால், அந்தப் பக்கம்தான் ஃபேஸின் முன்பக்கம். முகப்பை `f 5 6 2 1` என்று திருப்பி எழுதினால் அதே சுவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். பிளெண்டரில் சாதாரணமாகத் தெரியாது. பின்பக்கத்தை வரையாமல் விட்டுவிடும் கேம் எஞ்சின்களில் முகப்பே காணாமல் போய், வீட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியும். ஓவர்லேயில் Face Orientation போட்டால் திரும்பிய ஃபேஸ் சிவப்பாக நிற்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Shift+N` கொடுத்தால் சரியாகும்.

கடைசியாக, நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது. எப்படியும் முக்கோணம் ஆகப்போகிறது என்றால், ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் முக்கோணமாக வரைந்துவிட்டால் என்ன? வேலை செய்ய வராது, அதுதான் காரணம். பழைய வீட்டைத் திறந்து, எடிட் மோடில் `Ctrl+R` அழுத்தி, முகப்பின் அடிக்கோட்டின்மேல் சுட்டியைக் கொண்டுபோங்கள். ஒரு மஞ்சள் கோடு முகப்பில் ஏறி, முன்கூரை, பின்கூரை, பின்சுவர், தரை என்று வீட்டைச் சுற்றி முழு வளையமாக வந்து சேரும். ஐந்தும் நாற்கோணம், நாற்கோணத்தில் ஓர் எட்ஜ் வழியாக நுழைந்தால் எதிர் எட்ஜ் எது என்பதில் சந்தேகமே இல்லை, அதனால் கோடு தடையில்லாமல் ஓடுகிறது. ஒரே சொடுக்கில் வீடு இடது பாதி, வலது பாதி ஆகிவிட்டது.

அதை `Ctrl+Z` கொடுத்து நீக்கிவிட்டு, இப்போது மாடித் தளத்துக்கு ஒரு கிடைக்கோடு போட முயலுங்கள். சுட்டியை முகப்பின் செங்குத்து ஓரத்துக்குக் கொண்டுபோனால், கோடு முகப்போடு நின்றுவிடும். பக்கச் சுவர் ஐங்கோணம். அதற்கு எதிர் எட்ஜ் என்று ஒன்று கிடையாது. 6-ஐயும் 7-ஐயும் தேர்ந்தெடுத்து `J`, 5-ஐயும் 8-ஐயும் தேர்ந்தெடுத்து `J`. ஒவ்வொரு பக்கச் சுவரும் கீழே ஒரு நாற்கோணம், மேலே ஒரு முக்கோணம் என்று பிரியும். Faces 9, Edges 17 ஆகும், Triangles மட்டும் அதே 16. மறுபடி `Ctrl+R`: இப்போது கோடு நான்கு சுவரையும் சுற்றி வரும். 3.5 மீட்டர் உயரத்தில் விட்டால் மேல்மாடி, அதற்குக் கீழே அஞ்சடிக்கு இடம்.

ஆக, கையில் இருக்கும் கோப்பை நாற்கோணமாகவே வைத்திருங்கள். வெளியே அனுப்பும்போது மட்டும் Triangulate மாடிஃபையர் போட்டு, ஏற்றுமதிப் பலகையில் Apply Modifiers குறியிட்டு அனுப்புங்கள். கூரை எங்காவது முறுக்கியிருந்தால் அந்தக் குறுக்குக் கோட்டை மட்டும் அதற்கு முன்பே நீங்களே `J` கொடுத்துப் போட்டுவிடுங்கள்.